ஒரே முகவரித் தொகுதியை நான்காகப் பிரித்தல்: சிறிய அலுவலகத்துக்கான சப்நெட் மாஸ்க் வழிகாட்டி

கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியர்களின் கணினிகளும் மடிக்கணினிகளுமாக 38, கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு சர்வர், கோப்புகளின் நகல் சேமிக்கும் ஒரு பெட்டி, நான்கு பிரிண்டர்கள், கைரேகை வருகைப்பதிவுக் கருவி ஒன்று, 12 கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் பதிவுக் கருவி, இவை தவிர ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் வைஃபையில் இணைக்கும் கைப்பேசிகள் ஆகிய எல்லாமே இப்போது ஒரே வலையமைப்பில் கிடக்கின்றன. வரவேற்பறையில் காத்திருக்கும் ஒருவருடைய கைப்பேசியிலிருந்து சர்வரின் பகிர்வுக் கோப்புறையைத் தட்டிப் பார்க்க முடிகிறது என்பதுதான் பிரித்தாக வேண்டிய காரணம்.

தலைமை அலுவலகத்தோடு இந்தக் கிளை விபிஎன் வழியாக இணைந்திருக்கிறது. தலைமை அலுவலகம் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கியிருக்கிறது. நமக்குக் கிடைத்தது 10.20.30.0/24, அதாவது 10.20.30.0 முதல் 10.20.30.255 வரை. அதற்கு வெளியே ஒரு முகவரியை எடுத்தால் வேறு கிளையோடு மோதும். ஆகவே இந்த 256 எண்களுக்குள்ளேயே ஊழியர், விருந்தினர், கேமரா, சர்வர் என்ற நான்கு குழுக்களையும் அடக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லாத அலுவலகத்தில் நுணுக்கிப் பிரிக்கத் தேவையே இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகள் ஏராளமாக இருப்பதால், ஊழியர்களுக்கு 192.168.10.0/24, விருந்தினர்களுக்கு 192.168.20.0/24 என்று குழுவுக்கு ஒரு முழுத் தொகுதியைக் கொடுத்துவிடலாம். நினைவில் வைக்கவும் எளிது. 192.168.0.0, 192.168.1.0 ஆகிய இரண்டை மட்டும் தவிர்ப்பது நல்லது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் அவற்றையே பயன்படுத்துவதால், வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலகத்துக்குள் வரும் ஊழியருடைய கணினிக்கு, 192.168.1.10 என்பது வீட்டுப் பிரிண்டரா அலுவலக சர்வரா என்று பிரித்தறிய வழி இருக்காது.

மாஸ்க் எதைத் தீர்மானிக்கிறது?

ஐபி முகவரி என்பது 32 பிட்டுகள் கொண்ட ஓர் எண். படிப்பதற்கு வசதியாக அதை எட்டு எட்டு பிட்டுகளாக நான்கு பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதியையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதுகிறோம். சப்நெட் மாஸ்க்கும் 32 பிட்டுகள்தான். ஆனால் அதில் இடப்பக்கம் முழுவதும் 1, ஓர் இடத்துக்குப் பிறகு முழுவதும் 0. முகவரியில் எந்த பிட்டுகளுக்கு நேராக 1 வருகிறதோ அவை வலையமைப்பைக் குறிக்கும். 0 வரும் பிட்டுகள் அந்த வலையமைப்புக்குள் இருக்கும் தனிச் சாதனத்தைக் குறிக்கும். /24 என்றால் 1 என்ற பிட்டுகள் 24 என்று பொருள், அதையே 255.255.255.0 என்றும் எழுதுகிறோம்.

ஒரு சாதனம் இந்த மாஸ்க்கை ஒரே ஒரு கேள்விக்காகத்தான் பயன்படுத்துகிறது: நான் பேச வேண்டிய சாதனம் என் வலையமைப்பிலேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால், ‘இந்த முகவரி யாருடையது?’ என்று அந்த வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுத்து, பதில் சொல்லும் சாதனத்துக்கு நேராக அனுப்பிவிடும்; இந்தக் கேள்வி பதிலுக்கு ஏஆர்பி என்று பெயர். வெளியே இருந்தால், கேட்வே என்று தனக்குச் சொல்லப்பட்டிருக்கும் ரவுட்டரிடம் தரவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். இந்த முடிவை ஒவ்வொரு சாதனமும் தன்னிடம் உள்ள மாஸ்க்கை மட்டும் வைத்துத் தனியாக எடுக்கிறது. எதிர்முனையில் இருப்பதன் மாஸ்க் என்ன என்று அதற்குத் தெரியாது, அது கேட்பதும் இல்லை. பிரிக்கும் வேலையில் பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

எண்களை வைத்து ஒருமுறை செய்து பார்ப்போம். ஊழியர் ஒருவரின் கணினிக்கு முகவரி 10.20.30.20, மாஸ்க் 255.255.255.192 என்று வைத்துக்கொள்வோம். 192 என்பதை இரும எண்ணாக எழுதினால் 11000000. அதாவது முதல் மூன்று பகுதிகளின் 24 பிட்டுகளோடு கடைசிப் பகுதியின் முதல் இரண்டு பிட்டுகளும் வலையமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே இது /26. முதல் மூன்று பகுதிகள் நம் அலுவலகம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், கடைசி எண்ணின் முதல் இரண்டு பிட்டுகளை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

```
 20 = 00 010100   (இந்தக் கணினி)
 50 = 00 110010   (இன்னொரு கணினி)
165 = 10 100101   (பிரிண்டர்)
```

20-க்கும் 50-க்கும் முதல் இரண்டு பிட்டுகள் 00. ஆகவே 10.20.30.50-ஐ நோக்கிச் செல்வது நேராகவே போகும். 165-க்கு அவை 10. ஆகவே பிரிண்டருக்குப் போவது கேட்வே வழியாகத்தான் போகும். மாஸ்க் /24 ஆகவே இருந்திருந்தால் கடைசி எண்ணை ஒப்பிடும் பேச்சே இல்லை. மூன்றும் ஒரே வலையமைப்பாகக் கணக்காகியிருக்கும்.

எண்ணிக்கையும் எல்லையும்

மாஸ்க்கின் கடைசி எண்ணை 256-லிருந்து கழித்தால் ஒரு துண்டில் எத்தனை முகவரிகள் என்பது கிடைத்துவிடும். 256 − 192 = 64. அதுவே துண்டுகள் தொடங்கும் இடங்களையும் சொல்லும்: 0, 64, 128, 192. ஒவ்வொரு துண்டிலும் முதல் முகவரி வலையமைப்பின் பெயராகவும், கடைசி முகவரி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரியாகவும் ஒதுங்கிவிடுவதால், சாதனங்களுக்குக் கொடுக்கக் கூடியவை இரண்டு குறைவு.

```
/24   255.255.255.0     256 முகவரிகள், 254 சாதனங்களுக்கு
/25   255.255.255.128   128             126
/26   255.255.255.192    64              62
/27   255.255.255.224    32              30
/28   255.255.255.240    16              14
```

நம் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு 38 கணினிகள், கேட்வேக்கு ஒன்று, ஆக 39. /27-இல் 30-தான் இருப்பதால் அது போதாது. /26 எடுத்தால் 62. விருந்தினர் வைஃபையில் ஊழியர்களின் கைப்பேசிகளும் சேர்வதால் அங்கேயும் ஐம்பதுக்கு மேல் வரும், அதற்கும் /26. சர்வர், நகல் பெட்டி, நான்கு பிரிண்டர்கள், வருகைப்பதிவுக் கருவி ஆகியவை ஏழு, கேட்வேயுடன் எட்டு, /28 தாராளம்.

கேமராக்களைக் கணக்கிடும்போதுதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 12 கேமராக்கள், ஒரு பதிவுக் கருவி, ஆக 13. /28-இல் 14 இருக்கிறது, போதும் என்று தோன்றும். கேட்வேயைச் சேர்த்தால் சரியாக 14 ஆகிறது. துண்டு முழுவதும் நிரம்பிவிட்டது. பின்வாசலில் இன்னொரு கேமரா வைக்க வேண்டும் என்று உரிமையாளர் சொன்னால் இடமில்லை. கேமரா எண்ணிக்கை குறைந்து நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆகவே இதற்கு /27.

இப்போது இவற்றை 256 எண்களுக்குள் அடுக்க வேண்டும். பெரிய துண்டுகளை முதலில் வைப்பது இதில் பாதுகாப்பான வழி. காரணம், ஒரு துண்டு தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். சர்வர்களுக்கான /28-ஐ முதலில் 0 முதல் 15 வரை வைத்துவிட்டு, அதை ஒட்டி 16-இலிருந்து ஊழியர்களின் /26-ஐத் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 10.20.30.16 என்ற முகவரிக்கு /26 மாஸ்க் கொடுத்தால், முதல் இரண்டு பிட்டுகள் 00 என்பதால், சாதனத்தின் கணக்கில் அதன் வலையமைப்பு 0 முதல் 63 வரைதான்; 16 முதல் 79 வரை என்று நாம் தாளில் எழுதிவைத்தது அதற்குத் தெரியாது. சர்வர்களின் துண்டு அதற்குள்ளேயே விழுந்து இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். நல்ல ரவுட்டராக இருந்தால் இரண்டாவது முகவரியை ஏற்காமல், ஏற்கெனவே உள்ள இடைமுகத்தோடு மோதுகிறது என்று சொல்லி மறுத்துவிடும்.

பெரியதிலிருந்து தொடங்கி அடுக்கினால் நம் திட்டம் இப்படி அமைகிறது.

```
ஊழியர்        10.20.30.0/26     கேட்வே .1     .1 – .62
விருந்தினர்     10.20.30.64/26    கேட்வே .65    .65 – .126
கேமரா         10.20.30.128/27   கேட்வே .129   .129 – .158
சர்வர்         10.20.30.160/28   கேட்வே .161   .161 – .174
காலி          10.20.30.176/28, 10.20.30.192/26
```

முகவரியைப் பிரிப்பது பாதி வேலைதான்

கணினிகளில் மாஸ்க்கை மாற்றிவிட்டால் வலையமைப்பு பிரிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஒரே ஸ்விட்சில் எல்லாக் கேபிள்களும் செருகியிருக்கும்வரை, விருந்தினர் ஒருவர் தன் மடிக்கணினியில் 10.20.30.170 என்று ஒரு முகவரியையும் /28 மாஸ்க்கையும் தானே தட்டச்சு செய்தால், சர்வரோடு நேராகப் பேசத் தொடங்கிவிடுவார். நாம் போட்ட கோடு அவருடைய கணினியின் ஒப்புதலில்தான் நின்றது. உண்மையான பிரிவு ஸ்விட்சில் நடக்க வேண்டும். ஒரே ஸ்விட்சின் போர்ட்டுகளைத் தனித்தனி ஸ்விட்சுகளில் இருப்பவைபோல் பிரித்துவைக்கும் வீலேன் அதற்குத்தான். ஆகவே வீலேன் வசதி உள்ள, நிர்வகிக்கக் கூடிய ஸ்விட்ச் ஒன்று தேவை. அமைப்புப் பக்கமே இல்லாத மலிவு ஸ்விட்சால் இது முடியாது. ஆனால் கேமராக்கள் மட்டும் செருகியிருக்கும் ஒரு மலிவு ஸ்விட்ச் மூலையில் ஏற்கெனவே இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; பெரிய ஸ்விட்சின் கேமரா போர்ட்டில் அதைச் செருகினால் அதன் பின்னால் இருப்பவை எல்லாம் கேமரா வீலேனிலேயே அடங்கிவிடும்.

ஊழியர்களுக்கு 10, விருந்தினர்களுக்கு 20, கேமராக்களுக்கு 30, சர்வர்களுக்கு 40 என்று வீலேன் எண்களைக் கொடுப்போம். சாதனங்கள் செருகும் ஒவ்வொரு போர்ட்டையும் அதன் வீலேனில் வைக்க வேண்டும். ரவுட்டருக்குப் போகும் போர்ட்டும், இரண்டு வைஃபை பெயர்களை ஒளிபரப்பும் வைஃபைப் பெட்டிக்குப் போகும் போர்ட்டும் மட்டும் டிரங்காக, அதாவது பல வீலேன்களையும் எண்ணிட்டுச் சுமக்கும் போர்ட்டாக இருக்கும். ரவுட்டரில் ஒவ்வொரு வீலேனுக்கும் ஓர் இடைமுகம். சிஸ்கோ ரவுட்டரில் ஊழியர் வீலேனுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். மற்ற மூன்றுக்கும் எண்களை மாற்றி இதே வடிவம்.

```
interface GigabitEthernet0/0.10
 encapsulation dot1Q 10
 ip address 10.20.30.1 255.255.255.192
!
ip dhcp excluded-address 10.20.30.1 10.20.30.9
ip dhcp pool STAFF
 network 10.20.30.0 255.255.255.192
 default-router 10.20.30.1
```

இதில் dhcp என்று வரும் வரிகள், கேட்கும் சாதனங்களுக்குத் தானாகவே முகவரி வழங்கும் டிஎச்சிபி தொகுப்பை அமைக்கின்றன. பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ் முகவரியையும் அதே தொகுப்பில் `dns-server` என்ற வரியில் சேர்க்க வேண்டும். வேறு நிறுவனங்களின் ரவுட்டர்களில் இதே விவரங்களை இணையப் பக்கத்தில் கட்டங்களாக நிரப்புவீர்கள், கேட்கப்படுபவை மாறுவதில்லை. விருந்தினர் தொகுப்பில் மட்டும் டிஎச்சிபி வாடகைக் காலத்தை, அதாவது கொடுத்த முகவரி ஒரு சாதனத்தின் பெயரில் இருக்கும் நேரத்தை, ஓரிரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். வந்துபோன கைப்பேசிகளின் பெயரில் முகவரிகள் நாள்கணக்கில் முடங்கிக் கிடந்தால், அறையில் இருபது பேர் மட்டும் இருக்கும்போதுகூட தொகுப்பின் முகவரிகள் எல்லாம் தீர்ந்து, புதியவருக்கு வைஃபை இணைந்தும் முகவரி கிடைக்காமல் போகும்.

இதன் பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ரவுட்டரின் இயல்பே தன்னிடம் இணைந்திருக்கும் வலையமைப்புகளுக்கு இடையே பொட்டலங்களைக் கடத்துவதுதான். நாம் தடுக்காதவரை, விருந்தினரின் கைப்பேசி இப்போது கேட்வே வழியாக அதே சர்வரை அடையும். ஆகவே விருந்தினர் பக்கத்திலிருந்து வருவதற்கு ஒரு விதி எழுத வேண்டும். தலைமை அலுவலகமும் பிற கிளைகளும் 10-இல் தொடங்கும் முகவரிகளிலேயே இருப்பதால், அவை அனைத்தையும் ஒரே வரியில் தடுத்துவிடலாம்.

```
ip access-list extended GUEST-IN
 permit udp any any eq bootps
 deny ip any 10.0.0.0 0.255.255.255
 permit ip any any
!
interface GigabitEthernet0/0.20
 ip access-group GUEST-IN in
```

வரிசை முக்கியம், மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் வரியோடு ரவுட்டர் நின்றுவிடும். முதல் வரி இல்லையென்றால், கைப்பேசிகள் தங்கள் முகவரியைப் புதுப்பிக்க ரவுட்டரிடமே கேட்பதும் தடுக்கப்படும். அதே காரணத்தால் விருந்தினர்களுக்கு டிஎன்எஸ் முகவரியாக உள்ளூர் சர்வரைக் கொடுக்கக் கூடாது, 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். சிஸ்கோ விதிகளில் மாஸ்க் தலைகீழாக எழுதப்படுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்: இங்கே ஒப்பிட வேண்டிய பிட்டுகளுக்கு 0, விட்டுவிட வேண்டியவற்றுக்கு 1. ஊழியர் துண்டை மட்டும் குறிப்பிட வேண்டுமானால் 10.20.30.0 0.0.0.63 என்று எழுத வேண்டும்.

கேமரா வீலேனுக்கு இன்னும் கடுமையான விதியை நான் பரிந்துரைப்பேன்: ஊழியர் துண்டிலிருந்து பதிவுக் கருவிக்கு மட்டும் வழி, கேமராக்களிலிருந்து வேறெங்கும், இணையத்துக்கும்கூட, வழி இல்லை. கைப்பேசியில் வெளியூரிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டால், பதிவுக் கருவிக்கு மட்டும் அந்த வழியைத் திறக்கலாம்.

மாற்றும் நாள்

அலுவலகம் மூடியிருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், கையால் முகவரி போடப்பட்ட சாதனங்களின் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: பிரிண்டர்கள், கேமராக்கள், பதிவுக் கருவி, சர்வர், வருகைப்பதிவுக் கருவி. டிஎச்சிபியில் முகவரி பெறுபவை தாமாகவே புதிய மாஸ்க்கைப் பெற்றுக்கொள்ளும். கையால் போட்டவை யாராவது போய் மாற்றும்வரை பழைய /24-ஐயே நம்பிக்கொண்டிருக்கும். டிஎச்சிபி வாடகைக் காலம் விண்டோஸ் சர்வரில் இயல்பாக 8 நாள் இருக்கும். மாற்றத்துக்கு ஒரு வாரத்துக்கும் சற்று முன்பே அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவைத்தால், எல்லாக் கணினிகளும் குறுகிய வாடகைக்கு வந்திருக்கும்.

கேமராக்களின் முகவரியையும் மாஸ்க்கையும் கேட்வேயையும் அவை பழைய வலையமைப்பில் இருக்கும்போதே மாற்றிவிட்டு, அதன் பிறகே அவற்றின் போர்ட்டுகளை புதிய வீலேனுக்கு நகர்த்துங்கள். முதலில் போர்ட்டை நகர்த்திவிட்டால், பழைய முகவரியோடு வேறு வீலேனில் மாட்டிக்கொண்ட கேமராவைத் தொட, மடிக்கணினியோடு ஏணியில் ஏற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணினியை வைத்து `ipconfig` கொடுத்து முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு அந்தத் துண்டின் கேட்வேயை `ping` செய்யுங்கள். அதன் பிறகு அடுத்த துண்டின் கேட்வே, கடைசியில் அங்கே உள்ள சாதனம். இந்த வரிசையில் போனால் எந்த இடத்தில் அறுந்தது என்பது தானாகவே தெரியும். விருந்தினர் துண்டிலும், கடுமையான விதி போட்ட கேமரா துண்டிலும் மட்டும், தங்கள் கேட்வே உட்பட இந்த முகவரிகளுக்குப் போகும் `ping` நம் விதிகளால் தடுக்கப்படும்; அங்கே அதுவே சரி. விருந்தினர் வைஃபையிலிருந்து சர்வருக்குப் பதில் வராமல் இருப்பதையும் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

பழைய மாஸ்க் மிச்சமிருந்தால் எப்படித் தெரியும்?

மாஸ்க் தவறாக இருக்கும் சாதனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை `ping` காட்டும் செய்தியே சொல்லிவிடும். இதைப் பழகிக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம்.

பிரிண்டர் 10.20.30.165-இல் மாஸ்க்கை மாற்ற மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதனிடம் இன்னும் 255.255.255.0. கணினி 10.20.30.20 சரியான மாஸ்க்கோடு இருப்பதால், பொட்டலத்தை கேட்வேயிடம் கொடுக்கிறது. ரவுட்டர் அதைச் சர்வர் வீலேனில் இருக்கும் பிரிண்டரிடம் சேர்த்துவிடுகிறது. பிரிண்டர் பதில் அனுப்ப முனையும்போது, 10.20.30.20 தன் வலையமைப்பிலேயே இருப்பதாகக் கணக்கிட்டு, ‘20 யார்?’ என்று தன் வீலேனுக்குள் குரல் கொடுக்கிறது. கணினி வேறு வீலேனில் இருப்பதால் யாரும் பதில் சொல்வதில்லை. பிரிண்டர் பதிலைக் கைவிடுகிறது. கணினித் திரையில் தெரிவது இது:

```
Request timed out.
```

இதையே திருப்பிப் பாருங்கள். பிரிண்டர் சரி, கணினியில்தான் கையால் போட்ட பழைய /24 இருக்கிறது. இப்போது கணினி கேட்வேயிடம் போவதே இல்லை. பிரிண்டர் பக்கத்திலேயே இருப்பதாக எண்ணித் தன் வீலேனுக்குள் தேடி, பதில் கிடைக்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது:

```
Reply from 10.20.30.20: Destination host unreachable.
```

பதில் சொல்வதாகக் காட்டப்படும் முகவரி அந்தக் கணினியின் சொந்த முகவரி என்பதைக் கவனியுங்கள். அப்படி வந்தால் முதலில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் மாஸ்க்கைப் பாருங்கள்; `timed out` வந்தால் எதிர்முனையின் மாஸ்க்கையும் கேட்வேயையும், இடையில் உள்ள விதிகளையும் பாருங்கள். இரண்டு நிலையிலும் அந்தச் சாதனத்திலிருந்து இணையம் தடையின்றி வேலை செய்யும், ஏனென்றால் இணைய முகவரிகள் எந்த மாஸ்க்கிலும் வெளியேதான் இருக்கின்றன. ‘இணையம் வருகிறது, ஆகவே நெட்வொர்க் அமைப்பு சரிதான்’ என்ற முடிவு இங்கே தப்பு.

இந்தப் பிழை சில இடங்களில் வெளியே தெரியாமலும் இருந்துவிடும். சிஸ்கோ ரவுட்டர்களில் பிராக்ஸி ஏஆர்பி இயல்பாகவே இயங்குகிறது, ‘20 யார்?’ என்று பிரிண்டர் கேட்கும்போது, அந்த முகவரிக்கான வழி தன்னிடம் இருப்பதால் ரவுட்டரே ‘நான்தான்’ என்று முன்வந்து பதிலை வாங்கிக்கொள்ளும். மாஸ்க் தவறாகவே இருக்க, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பின்னொரு நாள் ரவுட்டரை மாற்றும்போது, யாரும் தொடாத பிரிண்டர் திடீரென்று நின்றுபோகும். சோதிக்கும் நாளில் ஒவ்வொரு இடைமுகத்திலும் `no ip proxy-arp` கொடுத்துவிட்டால், மறைந்திருக்கும் பிழைகள் அன்றைக்கே வெளிப்படும்.

மாஸ்க் தேவைக்கு மேல் குறுகலாக இருப்பது இன்னொரு வகைக் கோளாறு. கேமராக்களுக்கு /27-க்குப் பதிலாக /28 போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கேட்வே .129, பதிவுக் கருவி .130, பன்னிரண்டு கேமராக்கள் .131 முதல் .142 வரை. இவை அனைத்தும் 128 முதல் 143 வரையிலான துண்டுக்குள் வந்துவிடுவதால் எந்தக் குறையும் தெரியாது. பதின்மூன்றாவது கேமராவை .145-இல் அதே மாஸ்க்கோடு வைக்கும் நாளில், அதன் கணக்கில் தன் வலையமைப்பு 144 முதல் 159 வரை. பதிவுக் கருவியும் வெளியே, கேட்வேயும் வெளியே. கேமரா பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பும் முன் மாஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

மாஸ்க் எல்லாம் சரியாக இருந்தும் நின்றுபோகும் இரண்டு

முதலாவது, தானாகக் கண்டுபிடிக்கும் வசதிகள். கைப்பேசியிலும் கணினியிலும் அருகில் உள்ள பிரிண்டரைத் தேடுவதும், கேமராக்களைத் தேடும் மென்பொருளும், தங்கள் வலையமைப்புக்குள் குரல் கொடுத்துத்தான் தேடுகின்றன. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. ஆகவே ஊழியர்களின் கணினிகளில் பிரிண்டரை அதன் ஐபி முகவரியைக் கொடுத்தே சேர்க்க வேண்டும். ஒருமுறை சேர்த்துவிட்டால் அச்சிடுவதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது, விண்டோஸ் ஃபயர்வால். சிறிய அலுவலகங்களில் ‘சர்வர்’ என்பது பெரும்பாலும் சாதாரண விண்டோஸ் கணினியாகவே இருக்கும். டொமைனில் சேராத விண்டோஸ் கணினியில், கோப்புப் பகிர்வுக்கும் `ping`-க்கும் பதில் சொல்லும் விதிகள் இயல்பாக `Local subnet` என்ற எல்லைக்குள் மட்டுமே அனுமதி தருகின்றன. எல்லோரும் ஒரே /24-இல் இருந்தவரை எல்லோரும் அந்த எல்லைக்குள் இருந்தார்கள். இப்போது சர்வரின் மாஸ்க் /28 ஆகிவிட்டதால், ஊழியர்களின் கணினிகள் அதன் பார்வையில் அந்நியர்கள். பக்கத்துப் பிரிண்டர் 165-க்குப் பதில் வருகிறது, சர்வர் 162-க்கு மட்டும் `timed out`, ஆனால் சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் அதிலிருந்து இணையமும் பிரிண்டரும் வேலை செய்கின்றன என்ற நிலை வந்தால் இதுவே காரணமாக இருக்கும். `wf.msc` திறந்து, `File and Printer Sharing` என்று தொடங்கும் உள்வரும் விதிகளில் `Scope` பகுதிக்குப் போய், `Remote IP address` பட்டியலில் 10.20.30.0/26 என்பதைச் சேர்க்க வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிடுவது விரைவான வழியாகத் தோன்றும். பிரித்ததன் பயனில் பாதியை அது அழித்துவிடும்.

துண்டு நிரம்பும்போது

ஊழியர்களின் துண்டில் 61 கணினிகளுக்கு இடம் இருக்கிறது. அதுவும் ஒருநாள் நிரம்பலாம். அதை /25 ஆக்க வேண்டுமானால் 0 முதல் 127 வரை காலியாக இருக்க வேண்டும். 64-இலிருந்து விருந்தினர்கள் இருக்கிறார்கள். நாம் விட்டுவைத்த 10.20.30.192/26 இங்கேதான் உதவும். விருந்தினர் வீலேனின் கேட்வேயை .193 ஆக மாற்றி, டிஎச்சிபி தொகுப்பையும் அங்கே நகர்த்தினால் போதும். கைப்பேசிகளில் கையால் மாற்ற எதுவும் இல்லாததால் அரை மணி நேர வேலை அது. பிறகு ரவுட்டரில் ஊழியர் இடைமுகத்தின் மாஸ்க்கை 255.255.255.128 ஆகவும், டிஎச்சிபி தொகுப்பின் வரியையும் அவ்வாறே மாற்றவேண்டும். கேட்வே .1 ஆகவே நீடிக்கும். சர்வரின் ஃபயர்வால் பட்டியலில் உள்ள 10.20.30.0/26-ஐயும் 10.20.30.0/25 என்று திருத்த வேண்டும். இல்லாவிட்டால் 64-க்கு மேல் முகவரி பெறும் புதிய கணினிகளுக்கு மட்டும் பகிர்வுக் கோப்புறை திறக்காது. இன்னும் புதிய மாஸ்க் வந்துசேராத பழைய கணினிகள் அதுவரை சர்வரையும் இணையத்தையும் வழக்கம்போல் கேட்வே வழியாகவே அடைந்துகொண்டிருக்கும். அவற்றின் முகவரி எதையும் மாற்ற வேண்டியதில்லை, டிஎச்சிபி வாடகை புதுப்பிக்கும்போது மாஸ்க் தானாகவே மாறிவிடும்.